80 டொலர் இருக்க வேண்டிய கார்ட்டில் 26.50: மீதி எங்கே போனது?

"வணக்கம் அக்கா. 2023 ஜூனில் நியூ ஜெர்சியில் இருந்து லீவில் வந்த அண்ணா, 100 டொலர் விசா கிஃப்ட் கார்ட் ஒன்று தந்தார். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன். அதனால் ஜூன் 18ஆம் திகதி ஓர் அமெரிக்கத் தளத்தில் 20 டொலருக்குத் தையல் பட்டர்ன் வாங்கினேன். பிறகு கார்ட்டை அலுமாரியில் வைத்துவிட்டேன். இந்தச் சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஏப்ரல் 22ஆம் திகதி வேறொரு தளத்தில் 12 டொலர் பட்டர்ன் வாங்கப் பார்த்தேன், முடியவில்லை. திரும்பவும் முயன்றேன், அதுவும் முடியவில்லை. மீதியைப் பார்த்தால் 80 இருக்க வேண்டிய இடத்தில் 26.50 என்று காட்டுகிறது. கார்ட்டில் 05/31 வரை செல்லும் என்று போட்டிருக்கிறது. யாரும் திருடிவிட்டார்களா? இங்கே கடைகளில் தரும் வவுச்சருக்கும் இப்படி ஆகுமா? கார்ட்டின் தளத்தில் வந்த பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து இணைத்திருக்கிறேன்."

தங்கச்சி, முதலில் அவசரமான விஷயம். இன்று ஏப்ரல் 25. மே 1ஆம் திகதி இந்தக் கார்ட்டில் இருந்து இன்னொரு 2.95 டொலர் போகப் போகிறது. அதைத் தடுக்க வேண்டுமென்றால் இதைப் படித்து முடித்த கையோடு, 2023இல் கார்ட் வேலை செய்த அதே பழைய தளத்துக்குப் போய் ஐந்தோ ஆறோ டொலருக்கு ஒரு பட்டர்ன் வாங்கிவிடுங்கள். கணக்கில் பதிவாக ஓரிரு நாள் எடுக்கும், அதனால்தான் நாளைக்கு என்று தள்ள வேண்டாம் என்கிறேன். காரணத்தை இனிச் சொல்கிறேன்.

யாரும் திருடவில்லை. உங்கள் பட்டியலைப் பார்த்ததுமே எனக்கு அது தெரிந்துவிட்டது. வங்கியின் கார்ட் பிரிவில், அதுவும் தகராறுகள் பார்க்கும் மேசையில், பல வருடம் இருந்தவள் நான். திருட்டுக்கு ஒரு முகம் உண்டு, கட்டணத்துக்கு வேறொரு முகம் உண்டு. கிஃப்ட் கார்ட்டில் திருடுகிறவர்கள் பெரும்பாலும் கடைத் தட்டில் தொங்கும்போதே நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, யாராவது வாங்கி அதற்கு உயிர் கொடுத்த சில நாட்களுக்குள், சிலவேளை சில மணித்தியாலத்துக்குள், உங்களுக்குத் தெரியாத ஒரு கடையின் பெயரில் பெரிய தொகையாக எடுத்துவிடுவார்கள். கட்டணம் அப்படி வராது. ஒரே தொகை, ஒரே திகதி, ஒவ்வொரு மாதமும் ஒரு வரி. உங்கள் ஸ்கிரீன்ஷொட்டில் 2024 ஜூலை 1 முதல் 2025 ஏப்ரல் 1 வரை பத்து வரிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 2.95, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் `Inactivity Fee`, அதாவது கார்ட்டைப் பாவிக்காமல் வைத்திருந்ததற்கான கட்டணம். பத்துத் தரம் 2.95 என்றால் 29.50. எண்பதில் அதைக் கழித்தால் 50.50.

அப்படியென்றால் 26.50 எப்படி என்று கேட்பீர்கள். அதற்கும் பட்டியலில் பதில் இருக்கிறது. மேலே, மற்ற வரிகளைவிட வெளிறிய எழுத்தில், `Pending` என்று இரண்டு வரிகள், இரண்டும் 12.00, இரண்டும் ஏப்ரல் 22. நீங்கள் வாங்க முயன்று முடியாமல் போன அந்த இரண்டு தடவைகள்தான் அவை. 50.50இல் 24 போனால் சரியாக 26.50. ஆக உங்களுக்குக் குறைவாகத் தெரிகிற 53.50இல் 29.50 உண்மையிலேயே போய்விட்டது, 24 டொலர் போகவில்லை, தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தொலைந்தது என்று நினைத்துக் கவலைப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 24 டொலர். ஒன்லைனில் நீங்கள் கார்ட் நம்பரைக் கொடுத்ததும் அந்தத் தளம் கார்ட் கொடுத்த வங்கியிடம் "இதில் 12 டொலர் இருக்கிறதா" என்று கேட்கிறது, வங்கி "இருக்கிறது, உனக்காக எடுத்து வைத்துவிட்டேன்" என்கிறது. பணம் அப்போது போவதில்லை, ஒதுக்கி வைக்கப்படுகிறது. கூடவே வங்கி இன்னொன்றையும் சொல்லும்: வாங்குகிறவர் கொடுத்த முகவரி எங்களிடம் உள்ள முகவரியோடு பொருந்தவில்லை. கிஃப்ட் கார்ட்டில் யாருடைய பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. நீங்கள் வெள்ளவத்தை முகவரியைப் போட்டிருப்பீர்கள், அது எதோடும் பொருந்தவில்லை. சில தளங்கள் இதைக் கவனிக்காமல் விற்றுவிடும், உங்கள் முதல் தளம் அப்படித்தான். இரண்டாவது தளம் கவனித்து உங்களை மறுத்துவிட்டது. ஆனால் வங்கி ஒதுக்கியது ஒதுக்கியபடியே இருக்கிறது. நீங்கள் திரும்பவும் முயன்றீர்கள், இன்னொரு 12 ஒதுக்கப்பட்டது. மூன்றாம் தரம் முயன்றிருந்தால் 14.50 என்று காட்டியிருக்கும்.

ஆக, கார்ட் மறுக்கப்பட்டால் உடனே திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. முதலில் மீதியைப் பாருங்கள். இந்த 24 தானாகத் திரும்பி வரும், பெரும்பாலும் ஒரு கிழமைக்குள். சில கார்ட்களில் 30 நாள் வரைகூட எடுக்கும், ஆனால் விற்பனை நடக்காததால் அந்தத் தளம் இதை எடுக்க முடியாது. மே கடைசியிலும் `Pending` என்றே நின்றால் அண்ணாவை விட்டு கார்ட் நிறுவனத்துக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். கார்ட்டின் பின்பக்கம் இருப்பது அமெரிக்க இலவச எண், கொழும்பில் இருந்து அது எடுபடுவது நிச்சயமில்லை, எடுபட்டாலும் இலவசமாக இருக்காது.

இனி அந்த 29.50. இதில்தான் உங்களுக்கு மனம் நோகும் என்று தெரியும். நான் இதை நியாயமான கட்டணம் என்று நினைக்கவில்லை, ஒருவர் அன்போடு கொடுத்த பணத்தை மாதாமாதம் அரித்துத் தின்கிற கட்டணம் இது. ஆனால் அமெரிக்கச் சட்டம் இதை அனுமதிக்கிறது, சில நிபந்தனைகளோடு. 2009இல் அவர்கள் கொண்டுவந்த கார்ட் சட்டத்தின் கிஃப்ட் கார்ட் விதிகள் 2010 ஓகஸ்ட் 22 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி, கார்ட்டில் ஒரு வருடம் எந்த நடவடிக்கையும் இல்லாமல் இருந்தால்தான் இந்தக் கட்டணத்தை எடுக்கலாம். ஒரு மாதத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்க முடியாது. எவ்வளவு, எத்தனை நாளுக்கொருமுறை, எதற்காக என்பது கார்ட்டிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கடைசி நடவடிக்கை 2023 ஜூன் 18. ஒரு வருடம் 2024 ஜூன் 18உடன் முடிந்தது, முதல் கட்டணம் ஜூலை 1. மாதத்துக்கு ஒன்றுதான். ஆக கணக்கு முறையாகத்தான் நடந்திருக்கிறது. மிச்சம் பார்க்க வேண்டியது கார்ட்டின் பின்பக்கம்தான். கண்ணாடி போட்டுப் படியுங்கள், எழுத்து மிகச் சிறியது. 12 மாதத்துக்குப் பிறகு மாதம் 2.95 என்று அங்கே இல்லாவிட்டால், அது உண்மையான தவறு. அண்ணா முதலில் கார்ட் நிறுவனத்திடமும், அவர்கள் கேட்காவிட்டால் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்திடமும் `consumerfinance.gov` வழியாக முறையிடலாம். அச்சிட்டிருந்தால், அந்தச் சட்டப்படி உரிமை என்று கேட்க வழியில்லை. ஆனால் மரியாதையாகக் கேட்டவர்களுக்கு ஒன்றிரண்டு மாதக் கட்டணத்தைத் திருப்பிப் போட்டதை நான் கண்டிருக்கிறேன், அதனால் அண்ணா கேட்டுப் பார்க்கட்டும்.

நடவடிக்கை என்றால் எது என்பது மிக முக்கியம். மீதியைப் போய்ப் பார்ப்பது நடவடிக்கை இல்லை. கட்டணம் கழிபடுவதும் இல்லை. ஏற்கெனவே நடந்த ஒன்றை ரத்துச் செய்து பணம் திரும்பி வருவதும் இல்லை. பணம் உண்மையாகவே கூட வேண்டும் அல்லது குறைய வேண்டும். அதனால்தான் ஏப்ரல் 22இல் நீங்கள் இரண்டு தரம் முயன்றும் அதை நம்பி இருக்க முடியாது, வாங்குதல் முடியவில்லையே. ஒரு சின்ன வாங்குதல் முழுதாக முடிந்தால் போதும், கடிகாரம் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும், அந்த நாளில் இருந்து இன்னொரு முழு வருடத்துக்கு அவர்கள் கைவைக்க முடியாது. இன்றைக்கே வாங்கி அது 28ஆம் திகதி பதிவானால், 2026 ஏப்ரல் கடைசி வரைக்கும் கட்டணம் இல்லை. இதற்கு அந்த 24 திரும்பி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கையில் இருக்கிற 26.50 ஆறு டொலர் பட்டர்னுக்குத் தாராளமாகப் போதும்.

திகதியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். 05/31 என்பது 2031 மே. அந்த அமெரிக்கச் சட்டப்படி கிஃப்ட் கார்ட்டில் உள்ள பணம் வாங்கிய நாளில் இருந்து, அல்லது கடைசியாகப் பணம் போட்ட நாளில் இருந்து, ஐந்து வருடத்துக்கு முன் காலாவதியாகக் கூடாது. கார்ட்டில் அதற்குப் பிந்திய திகதி இருந்தால் அந்தத் திகதி வரை. பிளாஸ்டிக் முதலில் காலாவதியாகி உள்ளே பணம் மிச்சம் இருந்தால், புதுக் கார்ட்டை இலவசமாகத் தரவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பணம் காலாவதியாகாது என்பது வேறு, பணம் மிஞ்சும் என்பது வேறு. நீங்கள் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 80 டொலரில் 2.95ஐ 27 தரம் எடுக்கலாம். 2024 ஜூலையில் தொடங்கி 27ஆவது தரம் 2026 செப்டெம்பரில் வரும், அன்றைக்கு மிஞ்சுவது 35 சதம். 2031 வரை செல்லும் என்று முகத்தில் அச்சடித்த கார்ட், அதற்கு நாலரை வருடம் முந்தியே வெறும் பிளாஸ்டிக் ஆகியிருக்கும். ஆகவே கிஃப்ட் கார்ட் கைக்கு வந்தால் முன்பக்கத் திகதியைப் பார்க்காமல் பின்பக்கக் கட்டணத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்வேன்.

இன்னொரு வகைக் கார்ட்டும் உண்டு. கொம்பனி தன் ஊழியருக்கோ வாடிக்கையாளருக்கோ பரிசாக, இலவசமாகக் கொடுப்பது. அதற்கு இந்த ஐந்து வருடப் பாதுகாப்புக் கிடையாது, சில மாதத்திலேயே காலாவதியாகலாம். `Reward` என்றோ `Promotional` என்றோ எழுதியிருக்கும். உங்கள் அண்ணா காசு கொடுத்து வாங்கியது அது இல்லை. வாங்கும்போது அவர் 100க்கு மேல் ஐந்தாறு டொலர் கட்டணமும் கட்டியிருப்பார், அது உங்கள் நூறில் இருந்து கழிவதில்லை.

சரி, மிச்சத்தை எப்படிச் செலவழிப்பது? கார்ட்டின் தளத்தில் பதிவு செய்யும் இடம் இருக்கும், அதில் அண்ணாவின் நியூ ஜெர்சி முகவரியையும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டையும் போடுங்கள். பிறகு எங்கே வாங்கினாலும் பில் முகவரியாக அதையே கொடுங்கள், மறுக்கப்படுவது பெரும்பாலும் நின்றுவிடும். தளத்தின் பெயரைக் கூகிளில் தேடாமல் கார்ட்டின் பின்பக்கத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து தட்டுங்கள். மீதி பார்க்கும் தளம் போலவே போலித் தளங்கள் இருக்கின்றன. அங்கே 16 இலக்கத்தையும் பின்னால் உள்ள மூன்று இலக்கத்தையும் கொடுத்தால், இதுவரை நடக்காத திருட்டு அப்போது நடக்கும். இந்தக் கார்ட்டை இங்கே கொழும்புக் கடைகளில் நீட்டவும் வேண்டாம். பல அமெரிக்கக் கிஃப்ட் கார்ட்கள் அந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும், வெளியே செல்கிறவையும் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கல் என்று நூற்றுக்கு மூன்று போல வெட்டுவதுண்டு.

எனக்குப் பிடித்த வழி வேறு. 24 டொலரும் திரும்பி வந்தபின், பட்டர்ன் வாங்கியது போக 44.50 போல இருக்கும். அந்தச் சரியான தொகைக்கே அமேசான்.கொம்மில் அவர்களுடைய கிஃப்ட் கார்ட்டை வாங்கி உங்கள் கணக்கிலோ அண்ணாவின் கணக்கிலோ ஏற்றிவிடுங்கள். அவர்களுடைய கிஃப்ட் மீதிக்குக் காலாவதியும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. கடைசி ஒன்றிரண்டு டொலர் பல கார்ட்களில் செத்துப் போவதற்குக் காரணம், பெரும்பாலான தளங்கள் ஒரே பில்லை இரண்டு கார்ட்டில் பிரித்து எடுக்காது என்பதுதான். இப்படி மாற்றினால் சதம்கூட மிஞ்சாமல் எடுக்கலாம். 44.50 இருக்கும்போது 44.51 என்று போட்டாலும் மறுக்கும், அதனால் மீதியைப் பார்த்துவிட்டு அதே எண்ணைப் போடுங்கள்.

இந்த விஷயத்தில் எங்கள் மத்திய வங்கியின் 1935க்கு அழைத்துப் பிரயோசனம் இல்லை. இங்குள்ள வங்கிகள், நிதி நிறுவனங்கள் பற்றிய முறைப்பாடுகளுக்குத்தான் அது. உங்கள் கார்ட்டைக் கொடுத்தது அமெரிக்க வங்கி.

அடுத்தது இங்கத்தைய கடை வவுச்சர். நான் பார்த்தவற்றில் மாதக் கட்டணம் என்று எதுவும் இல்லை. இங்கே பணம் சொட்டுச் சொட்டாகப் போகாது, ஒரே நாளில் போகும். திகதி முடிந்தால் முழுவதும் முடிந்தது. எனக்கே நடந்தது: பம்பலப்பிட்டியில் ஒரு கடையின் 5,000 ரூபா வவுச்சர், ஒரு வருடத் தவணை. ஏழாம் மாதம் 3,800க்குச் சேலை ஒன்று எடுத்தேன். மிச்சம் 1,200ஐக் காசாகத் தரமாட்டோம் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். வவுச்சரின் திகதிதானே இதற்கும் என்று நினைத்துக் கைப்பையில் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனால், துண்டுக்கு 30 நாள்தான், முடிந்துவிட்டது என்றார்கள். துண்டைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் ரப்பர் முத்திரையில் மங்கலாக இருந்தது. பொருளைத் திருப்பிக் கொடுத்து வாங்கும் கடை வரவுக்கும் இதே கதைதான், அந்தத் துண்டுக்கென்று தனித் திகதி இருக்கும். வவுச்சரின் திகதி அதற்குச் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். துண்டை வாங்கும்போதே காசாளரிடம் திகதியைக் கேட்டு, பேனையால் பெரிதாக எழுதி ஒப்பம் வைக்கச் சொல்லுங்கள். இப்போது நான் எங்கே போனாலும் அப்படித்தான் செய்கிறேன்.

திகதி எங்கேயும் எழுதப்படாமல் வாயால் மட்டும் "முடிந்துவிட்டது" என்றால், அல்லது எழுதியதற்கு மாறாக மீதியைக் குறைத்தால், விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். ஆனால் போனில் சொன்னதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். வவுச்சரின் இரண்டு பக்கத்தையும், பில்லையும், அந்த மிச்சத் துண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். கடையில் மாற்றும்போது மூலப் பிரதியை எடுத்துக்கொண்டு விடுவார்கள், பிறகு உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

பட்டர்ன் வாங்கியதும், மே 2ஆம் திகதி மறுபடி கார்ட்டின் தளத்துக்குப் போய்ப் பட்டியலைப் பாருங்கள். மே 1க்கு `Inactivity Fee` வரி இல்லாவிட்டால் கடிகாரம் திரும்பிவிட்டது. வாங்கியது மே 1க்கு முன்பே பதிவாகி, அப்படியிருந்தும் அந்த வரி இருந்தால், இந்த முறை கட்டணம் சட்டத்துக்கு மாறானது. ஸ்கிரீன்ஷொட்டை அண்ணாவுக்கும் எனக்கும் அனுப்புங்கள், கார்ட் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.